போத்தலுக்குப் பொருந்தாத நிழல்

சாஹுல் ஹமீது ஹாஜியாருக்கு எதிரிகள் யாரும் கிடையாது. மருமகன் ஒருவன் இருந்தான், அதுவே போதுமாயிருந்தது.

மருமகன் பெயர் தாஸிம். கொழும்பில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் ஹாஜியாரின் எண்ணெய்க் கடை கீழே. அவருடைய மேல் மாடியில் வாடகைக்கு எங்கள் ஸ்டூடியோ. படம் பிடிப்பவர் என் வீட்டுக்காரர் இராமையா. பிடித்த படத்தில் அம்மைத் தழும்பை அழிப்பது, மாறுகண்ணை நேராக்குவது, மாப்பிள்ளையின் வழுக்கையில் நாலு மயிர் நடுவது எல்லாம் சுந்தரியாகிய நான். ஊரில் பாதிக் கல்யாணங்கள் என் பென்சில் முனையில் நடந்தவை. பிறகு நேரில் பார்த்துப் பதறியவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

அந்த மாடி அறையின் கூரையில் பாதி ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தோம். வடக்குப் பக்கத்து வெளிச்சம் பாலைப் போல உள்ளே இறங்கும். அந்தக் கூரை இல்லாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை, அவ்வளவுதான். தாஸிமுக்கோ அந்த அறையில் கிராமபோன் கடை வைக்க ஆசை. கண்ணாடிக் கூரைக்கும் கிராமபோனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "பாட்டுக் கேக்குறவங்க வானத்தப் பாத்துக்கிட்டே கேக்கலாமே" என்றான்.

ஒருநாள் ஹாஜியார் மேலே ஏறி வந்தார். கையில் தாஸிம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக்காரப் பத்திரிகை. அதில் ஒரு சென்ட் போத்தல் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே மங்கலாக அதன் நிழல். நிழலுக்கும் போத்தலுக்கும் நடுவே இளவெயில் மாதிரி ஒரு சின்ன ஒளி.

"இராமையா, எங்கட கூந்தல் தைலமும் இப்பிடி மிதக்கோணும். வருசக் கலண்டர்ல போடப் போறன். மடவளையிலயிருந்து கடுகண்ணாவை வரைக்கும் எல்லாக் கடைச் சுவத்துலயும் தொங்கோணும். இது சரியா வந்தா மாடி ஒங்களுக்கு, இன்னும் அஞ்சு வருசத்துக்கு நான் வாய் தொறக்க மாட்டன். வராட்டி மருமகனுக்குக் குடுக்கத்தான் வேணும், அவன் என்னை அரிச்சு எடுக்கிறான்."

"சரிங்க முதலாளி" என்றார் என் வீட்டுக்காரர்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மனுசனுக்கு வாயில் இருப்பது ஒரே ஒரு சொல். பிணத்தைச் சிரிக்க வைத்துப் படம் பிடி என்றாலும் "சரிங்க" என்பார். தலையில் அடித்துக்கொள்வது என் வேலை.

எப்படி மிதக்க வைப்பது? தாஸிமிடம் யோசனை ரெடியாக இருந்தது. நூலில் கட்டித் தொங்கவிடச் சொன்னான். தொங்கவிட்டோம். போத்தல் கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுசன் மாதிரி நாலு பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. லென்ஸைத் திறந்து வைத்து நிதானமாக எடுக்கிற படத்தில் அது ஆடினால் என்ன ஆகும்? போத்தல் இருந்த இடத்தில் ஒரு புகைதான் வந்தது, நூல் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. "நூலுக்குப் பதிலா பொம்பள முடி போடலாம்" என்று என் கொண்டையைப் பார்த்தான் தாஸிம். கத்தரிக்கோலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் பத்திரிகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நிக்கலை, படுத்திருக்கு" என்றார். அதுதான் விஷயம். வெள்ளைக்காரன் போத்தலைத் தெளிந்த கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்து, தகட்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, மேலேயிருந்து நேர் கீழாகப் படம் பிடித்திருக்கிறான். கண்ணாடி படத்தில் தெரியாது. போத்தலைத் தாங்குவது எது என்று பார்ப்பவனுக்குப் புரியாது. நிழல் கண்ணாடியில் தங்காமல் அதைத் தாண்டிக் கீழே இருக்கிற வெள்ளைப் பரப்பில் போய் விழும். நிழல் போத்தலை விட்டு விலகி விழுவதால்தான் போத்தல் மிதப்பதாகக் கண் நம்புகிறது.

ஜன்னல் கண்ணாடி நெளிநெளியாக இருந்ததால் உதவவில்லை. நேர்த்தியான கனத்த கண்ணாடி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, வாசலில் மாதிரிப் படங்கள் வைக்கிற பெட்டியின் முகப்பு. அதைக் கழற்றி இரண்டு தேயிலைப் பெட்டிகள் மேல் வைத்தோம். ஏணியில் கேமராவைக் கவிழ்த்துக் கட்டினோம். கேமராவின் பித்தளை கண்ணாடியில் தெரிந்ததால், கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்க விட்டோம். கூரை வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வர, நடுவில் மெல்லிய மல்துணி கட்டினோம். கண்ணாடியைத் தாழ்த்தினால் நிழல் போத்தலோடு ஒட்டிக்கொண்டு விளிம்பு வெட்டுகிறது. உயர்த்தினால் நிழல் மென்மையாகிறது, ஆனால் விலகிப் போய்ப் படத்தைவிட்டே ஓடப் பார்க்கிறது. செங்கல்லை வைத்தும் எடுத்தும் என் இடுப்பு கழன்றது.

பிறகு அந்த ஒளி. கீழே வெள்ளைத் தாளுக்குப் பதிலாக வெளிச்சத்தைக் கசிய விடுகிற பால் கண்ணாடி வைத்து, அதன் அடியில் பல்பைப் போட்டோம். பல்பு எரிந்ததும் நிழல் காணாமல் போயிற்று. போகாமல் என்ன செய்யும்? மேலிருந்து வெளிச்சம் வராத இடம்தான் நிழல், அங்கே கீழிருந்து வெளிச்சத்தை ஊற்றினால் அது எங்கே நிற்கும்? ஆகவே கேமராவுக்குள் போடுகிற ஒரே படத்தட்டில் இரண்டு தடவை எடுத்தோம். முதலில் கூரை வெளிச்சத்தில் போத்தலும் நிழலும். பிறகு லென்ஸை மூடி, கூரைக்குக் கறுப்புத் திரை இழுத்து, பல்பைப் போட்டு மறுபடி கொஞ்சம். பல்புக்கு மேல் ஓட்டை வெட்டிய அட்டை, அதன் மேல் அடுக்கடுக்காக எண்ணெய்த் தாள். ஒளி போத்தலுக்கு நேர் அடியில் பதுங்கியிருந்து ஓரங்களில் மட்டும் கசிந்தது, விலகி விழுந்த நிழலைத் தொடவில்லை. படத்தட்டை மருந்தில் கழுவிப் பார்த்தோம். பொய் சொல்லவில்லை, போத்தல் மிதந்தது!

ஹாஜியார் படத்தைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி, கீழ கறுப்பா என்னமோ ஈக்கிதே, அத எடுக்க ஏலாதா?" என்றார்.

நிழலை என் உள்ளங்கையால் மறைத்துக் காட்டினேன். அந்தரத்தில் நின்ற போத்தல் சட்டென்று தாளில் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தேன், மறுபடி எழும்பியது. ஹாஜியார் சின்னப் பிள்ளை மாதிரித் தானும் கையை வைத்தும் எடுத்தும் பார்த்தார். அதன் பிறகு நிழலை எடுக்கச் சொல்லவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் படத்தில் இருந்தது பழைய போத்தல். ஹாஜியாருடைய தைலம் ஆதி காலம் தொட்டுப் பழைய போத்தல்காரர்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் பொறுக்கி வந்த போத்தல்களில்தான் அடைத்து விற்கப்பட்டது. கரும்பச்சை நிறம், அகன்ற சதுரத் தோள், குட்டைக் கழுத்து. கழுவி, லேபிள் ஒட்டி, தைலம் ஊற்றினால் தைலப் போத்தல். அதற்கு முந்தைய பிறவியில் அது என்னவாக இருந்தது என்று எந்தப் பெண்பிள்ளையும் கேட்டதில்லை. இப்போது தாஸிம் சீமையிலிருந்து இடுப்பு ஒடுங்கிய வெள்ளைப் போத்தல்கள் பெட்டி பெட்டியாக வரவழைத்திருந்தான். கப்பல் தாமதம். "பழசை வச்சு எடுத்துப் பழகுங்க, புதுசு வந்ததும் திரும்ப எடுக்கலாம்" என்று சொன்னவனும் அவனே.

புதுப் போத்தல் வந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு தாஸிம் மேலே வந்தான். கண்ணாடித் தகட்டில் தன் மீசை நன்றாகத் தெரிகிறது என்று கண்டான். குனிந்து இரண்டு கையையும் ஊன்றினான். அவ்வளவுதான், கண்ணாடி மூன்று துண்டாகித் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே இறங்கிற்று. மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொழும்பிலிருந்து வேறு கண்ணாடி வரும் வரை கலண்டர் அடிக்கிற அச்சுக்காரன் காத்திருக்க மாட்டான். "மிதக்கிறதுதான் ஏற்கெனவே மிதக்குதே! புதுப் போத்தலத் தனியா எடுத்து, வெட்டி, பழசுக்கு மேல ஒட்டுங்க" என்றான் தாஸிம்.

"அப்ப நிழல்?" என்றேன்.

"நிழல யாரு பாக்குறது?"

"சின்ன முதலாளி, இது வேற போத்தலோட நிழல். புதுசுக்கு இடுப்பு இருக்கு, இதுக்குத் தோள்தான் இருக்கு. புதுசு வெள்ளைக் கண்ணாடி, அதோட நிழலுக்கு வயித்துல கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். இது கெட்டி நிழல். மங்கலா இருந்தா மட்டும் ஆள் மாறிப் போயிடுமா? நீங்க இருட்டுல வந்தாலும் உங்க தொப்பியை வச்சு எனக்குத் தெரியாதா?"

அவன் மாமனாரைப் பார்த்தான். ஹாஜியார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சரிங்க முதலாளி" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்குச் சோறு போடக் கூடாது என்றிருந்தேன். போட்டேன், ஆனால் ரசம் இல்லை.

புதுப் போத்தலை வெட்டி ஒட்டினேன். அதன் ஒடுங்கிய இடுப்புக்கு இரு பக்கமும் பிதுங்கிய பழைய போத்தலை வெள்ளைச் சாயத்தால் மூடினேன். ஒளி கசிகிற இடம் என்பதால் அது ஒப்பேறிவிட்டது. நிழலையும் மாற்றப் பார்த்தேன். நிழலுக்கு விளிம்பு இருக்கக் கூடாது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைய வேண்டும். தூரிகையால் இட்டால் கரி அப்பியதாகத்தான் வருகிறது. ஹாஜியார் அதைப் பார்த்து, "இதென்ன, போத்தலுக்குக் கீழ ஊத்தை? பழைய நிழலயே வைங்க தங்கச்சி, அதுதான் அசல்" என்றார். அசலாம்!

கலண்டர் வந்தது. அச்சுக்காரன் மகா கெட்டிக்காரன், நிழலில் ஒரு துளியைக்கூடத் தவறவிடவில்லை. மடவளை, அலவத்துகொட, கடுகண்ணாவை என்று எல்லாக் கடைச் சுவர்களிலும் இடுப்பழகி ஒருத்தி மிதந்தாள். அவளுக்குக் கீழே சதுரத் தோளோடு ஒரு தடியன் நிழலாய்க் கிடந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாஜியாரின் மனைவி ஹவ்வா உம்மா பின்படி வழியாக என்னிடம் வந்திருந்தார். வீடு பின்கட்டில்தான். என்னோடு பாக்குச் சீவிக்கொண்டே ஊர்க்கதை பேசினால்தான் அவருக்கு நாள் முடியும். அப்போது முன்படியில் ஆம்பிளைகளின் செருப்புச் சத்தம். வழக்கம்போல் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, பூந்தோட்டமும் மாளிகையும் வரைந்த எங்கள் பெரிய படத்திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹாஜியார், தாஸிம், அவர்களுக்குப் பின்னால் பள்ளிவாசல் பெரியவர் ஜவாஹிர் லெப்பை, கூட இன்னும் சிலர். ஹாஜியாரின் முகம் வெளுத்திருந்தது. ஜவாஹிர் லெப்பை கலண்டரை விரித்து மேசையில் அறைந்தார்.

"இது என்னத்துட நிழல்? ஜும்ஆ முடிஞ்சு வாறன், கடைச் சுவத்துல துரைமார் குடிக்கிற சீமைச் சாராயப் போத்தல் தொங்குது! ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனுசன்ட பேரு மேல, அதுக்கு நேர் கீழ சாராயம்! அஸ்தஃபிருல்லாஹ்!"

"ஊரே சிரிக்குது" என்றார் இன்னொருவர். "நான் தூரத்துலயிருந்தே கண்டுபிடிச்சிட்டன்."

"எனக்கு அந்தத் தோளப் பாத்த ஒடனே வெளங்கிட்டு" என்றார் மூன்றாமவர்.

தாஸிம் என் வீட்டுக்காரரை நோக்கிக் கையை நீட்டினான். "இவங்கதான் மாமா செஞ்சது. வேணுமெண்டே செஞ்சிருக்காங்க. நாங்க குடுத்தது புதுப் போத்தல், நீங்களே பாருங்க, மேல அதுதானே ஈக்கிது? நிழல் மட்டும் எப்பிடி மாறும்? இண்டைக்கே மாடிய விடச் சொல்லுங்க."

பழைய நிழலையே விடச் சொன்னது யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். ஹாஜியார் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். பெரியவர்கள் முன்னால் மருமகனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. தலையைக் குனிந்தபடி, "இராமையா, மாடிய..." என்று ஆரம்பித்தார். கூரைக் கண்ணாடியைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அப்போது மாளிகைப் பூந்தோட்டம் பேசியது.

"நானொண்டு கேக்கலாமா?"

எல்லோரும் திரும்பினார்கள். திரையில் வரைந்த நீரூற்றுக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"அந்தப் போத்தல் கலியாணம் முடிச்ச நாள்லயிருந்து எண்ட கண்ணாடிக்குப் பக்கத்துல ஈக்கிது. ஊர்ல எல்லா வீட்டுலயும் ஈக்கிது. ஜவாஹிர் காக்கா, ஒங்கட வீட்டுலயும் ஈக்கிது, ஒங்கட பொஞ்சாதி மாசா மாசம் வாங்குறாவே. நிழலப் பாத்த ஒடனே பொம்பளைங்க எங்களுக்கு, 'அட, நம்மட தைலப் போத்தல்' எண்டுதான் தோணிச்சு. வேற எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆம்பிளைங்க ஒங்களுக்கு மட்டும் அது சாராயப் போத்தல் எண்டு எப்பிடித் தெரிஞ்ச? அதுவும் தூரத்துலயிருந்தே?"



ஜவாஹிர் லெப்பை இருமினார். கலண்டரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இப்ப வடிவாப் பாத்தா தைலப் போத்தல் மாதிரித்தான் ஈக்கிது" என்றார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்த" என்றார் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தவர். மூன்றாமவர் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்த மாடிப்படியில் அவ்வளவு அமைதியாக ஆம்பிளைகள் இறங்கி நான் பார்த்ததில்லை. தாஸிமும் அவர்களோடு வழியனுப்பப் போகிறவன் மாதிரி நழுவினான். ஹாஜியாரும் மாடிப் பேச்சை முடிக்காமலே இறங்கிப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஹாஜியார் ஹாஜியார் இல்லை. ஒரு வாரத்துக்குள் பெண்பிள்ளைகள் எல்லோரும் கடையில் ஒரே கேள்வி கேட்டார்கள். நிழலில் இருக்கிற பழைய போத்தல் எங்கே, இந்த இடுப்புப் போத்தலில் இருப்பது கலப்படமா? புதுப் போத்தல்கள் பெட்டியை விட்டு அசையவில்லை. ஹாஜியார் மேலே வந்து கதிரையில் உட்கார்ந்தார். அதற்குள் ஊர் முழுக்க, பழைய போத்தலின் ஞாபகமாகத் தானேதான் அந்த நிழலை வைக்கச் சொன்னதாகப் பரப்பிவிட்டிருந்தார். அதை என்னிடமே சொன்னார், வெட்கமில்லாமல்.

"இராமையா, புதுக் கண்ணாடி நான் வாங்கித் தாறன். அடுத்த கலண்டர்ல பழைய போத்தல் மிதக்கட்டும். ஆனா அவ்வளவு சீமைப் போத்தல் வாங்கிட்டமே, அதையும் விக்கோணும். அதனால நிழல் மட்டும் புதுப் போத்தல்ட நிழலா இருக்கட்டும். அதச் செஞ்சு தாங்க, மாடி ஒங்களுக்குத்தான்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. வரப்போகிற சொல் எனக்குத் தெரியும், அதற்காக மருந்து கலக்குகிற கரண்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"முடியாதுங்க" என்றார்.

ஹாஜியாருக்குக் காது கேட்கவில்லை போலும். "என்ன?"

"முடியாதுங்க முதலாளி. எது மிதக்குதோ அதோட நிழல்தான் விழும். வேற நிழல் வேணும்னா மாடியை எடுத்துக்குங்க."

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. இந்த மனுசனா? எங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தூக்கித் தெருவில் வைத்துவிட்டாரே என்று பயமும் வந்தது. அதே நேரம் அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ள வேண்டும்போல் இருந்தது.

ஹாஜியார் கூரைக் கண்ணாடியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். எழுந்து போய் அந்த நிழலின் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். படத்திரைக்குப் பின்னால் யாரோ பாக்கு வெட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றார் ஹாஜியார்.